பரிசு அட்டையில் பாக்கி எவ்வளவு? கணக்கு வைத்துக்கொள்ளும் முறை

தீபாவளிக்கும் ஆண்டு இறுதிக்கும் நம் வீடுகளில் சேரும் அன்பளிப்புகளில் பேரங்காடிப் பற்றுச்சீட்டும் பரிசு அட்டையும் இப்போது வழக்கமாகிவிட்டன. வேலையிடத்தில் கொடுப்பார்கள், அதிர்ஷ்டக் குலுக்கலில் விழும், கல்யாணத்தில் மொய்யாகக்கூட வரும். முழுத் தொகையையும் ஒரே நாளில் செலவழித்தால் பிரச்சினை இல்லை. பாதி செலவாகி மீதி நிற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மீதி எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும் என்பது அட்டையின் முகப்பில் தெரியாது. மூன்று மாதம் கழித்து அலமாரியில் கண்டெடுத்தால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டாகவும் இருக்கலாம், அறுபது ரிங்கிட்டாகவும் இருக்கலாம்.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டும். பொதுவாகப் பற்றுச்சீட்டு என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு பொருள்கள்.

காகிதப் பற்றுச்சீட்டு 10, 20, 50 ரிங்கிட் என்று அச்சிட்ட தொகையோடு வரும். பெரும்பாலான கடைகள் இதற்குச் சில்லறை திருப்பித் தருவதில்லை. 50 ரிங்கிட் சீட்டைக் கொடுத்து 41 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கினால் 9 ரிங்கிட் போனதுதான். இதில் பாக்கி என்ற பேச்சே கிடையாது. எத்தனை சீட்டு மிச்சம், எந்தத் தேதி வரை என்பது மட்டுமே கணக்கு.

பரிசு அட்டை அப்படியல்ல. தொகை கடையின் கணினியில் இருக்கிறது. அட்டை அதற்கு ஒரு சாவி மாதிரி. 86 ரிங்கிட் 40 சென்னுக்கு வாங்கினால் சரியாக அவ்வளவே கழியும். மீதி அடுத்த முறைக்கு நிற்கும்.

மூன்றாவது, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது ரொக்கத்துக்குப் பதிலாகக் கடை எழுதித் தரும் கிரெடிட் நோட். மூன்றில் இதுதான் சீக்கிரம் காலாவதியாகும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தவணை குறைவாக இருக்கும். பல கடைகளில் ஒரே தடவைதான் பயன்படுத்த முடியும், அசல் தாளும் வேண்டும். பட்டணத்துக்கு மாதம் ஒருமுறை சாமான் வாங்க வரும் தோட்டத்துக் குடும்பத்துக்கு 60 நாள் தவணை என்றால் உண்மையில் இரண்டு பயணம்தான்.

இனி தேதி. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். காகிதச் சீட்டில் ‘தாரிக் லூப்புட்’ என்றோ ‘சா ஹிங்கா’ என்றோ முடிவுத் தேதியே அச்சாகியிருக்கும். பரிசு அட்டையில் பெரும்பாலும் தேதி இருக்காது, ‘செயல்படுத்திய நாளிலிருந்து 12 மாதம்’ போன்ற ஒரு வரிதான் இருக்கும். செயல்படுத்திய நாள் என்பது கொடுப்பவர் கடையில் பணம் கட்டிய நாள். உங்கள் கைக்கு வந்த நாள் அல்ல. மே 2ஆம் தேதி வாங்கிய அட்டையை ஜூன் 14இல் கல்யாணத்தில் கொடுத்தால், அதன் ஆயுளில் ஆறு வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஆகவே அட்டை கைக்கு வந்ததும் கடையின் சேவை முகப்பில் கேட்டு, முடிவுத் தேதியை நிரந்தர மையால் அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். கொடுப்பவராக நீங்கள் இருந்தால் செயல்படுத்திய ரசீதின் நகலையும் உறைக்குள் வையுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட ஒன்றுமில்லை, தொகைதான் அட்டையிலேயே இருக்கிறதே.

கணக்கு எழுதப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டுச் சாமான் கணக்கு எழுதும் நோட்டில் ஓர் அட்டைக்கு ஒரு பக்கம் போதும். மேலே கடையின் பெயர், அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், முடிவுத் தேதி. கீழே வரிக்கு வரி: நாள், ரசீது எண், கழிந்த தொகை, மீதி.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே பேரங்காடியில் அவர்களுக்கு மூன்று வகையும் இருக்கின்றன. டிசம்பர் 31 வரை செல்லும் 50 ரிங்கிட் காகிதச் சீட்டு நான்கு. அடுத்த மே மாதத் தொடக்கம் வரை செல்லும் 150 ரிங்கிட் பரிசு அட்டை ஒன்று. அக்டோபர் 5ஆம் தேதி ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்கு 39.90 ரிங்கிட் கிரெடிட் நோட் ஒன்று. இதன் தவணை 60 நாள், அதாவது டிசம்பர் 4 வரை.

நவம்பர் 2ஆம் தேதி 86.40 ரிங்கிட்டுக்கு வாங்கி, அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் மீதி 63.60. கணக்கு சரிதான், ஆனால் முறை சரியில்லை. மே வரை காத்திருக்கக்கூடிய அட்டை செலவாகிறது, டிசம்பர் 4இல் செத்துப்போகும் கிரெடிட் நோட் சும்மா கிடக்கிறது. அன்று முதலில் கிரெடிட் நோட்டைக் கொடுத்திருந்தால் பில்லில் 46.50 மட்டும் மிஞ்சியிருக்கும், அதை அட்டையில் கழித்திருக்கலாம். அட்டையில் 103.50 நின்றிருக்கும், கிரெடிட் நோட்டுக் கவலையும் தீர்ந்திருக்கும்.

நவம்பர் 16ஆம் தேதி பில் 127.80. இப்போது யோசித்துக் கொடுக்கிறார்கள். காகிதச் சீட்டு மூன்று கொடுத்தால் 150 ஆகிவிடும், 22.20 வீணாகும். எனவே இரண்டு சீட்டு, 100 ரிங்கிட். மீதி 27.80க்கு அட்டை. அட்டையில் இப்போது 63.60லிருந்து 27.80 கழிந்து 35.80. காகிதச் சீட்டு இரண்டு பாக்கி. கிரெடிட் நோட் இன்னும் அப்படியே இருக்கிறது, ஒரே பில்லில் காகிதச் சீட்டோடு அதைச் சேர்க்க அந்தக் கடை விடவில்லை. இந்த விதி கடைக்குக் கடை மாறும். டிசம்பர் 4க்கு முன் இன்னொரு பயணம் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அன்றே சாமானை இரண்டு பில்லாகப் பிரித்துப் போடச் சொல்லலாம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பிரித்துக் கட்டும்போது ஒரு சொல்லை முன்கூட்டியே சொல்ல வேண்டும். காசாளர் பொருள்களைத் தட்டத் தொடங்கும் முன்பே, எது முதலில் கழிய வேண்டும், மீதி எதில் என்று சொல்லிவிடுங்கள். பில்லை மூடிய பிறகு மாற்ற மேலாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும். அட்டையில் 35.80 மட்டும் இருக்கும்போது 48 ரிங்கிட் பில்லுக்கு அதை நீட்டினால், சில கடைகளில் இயந்திரம் ‘போதாது’ என்று நிராகரித்துவிடும். அட்டை காலி என்று அதற்குப் பொருள் அல்ல. “இதில் 35.80 எடுத்துக்கொள்ளுங்கள், மீதி ரொக்கம்” என்று தொகையைச் சொன்னால் காசாளர் அந்தத் தொகையை மட்டும் அடித்துக் கழிப்பார். மீதி தெரியாதவர் இதைச் சொல்ல முடியாது, அட்டையைக் காலி என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்.

ரொக்கத்தில் கட்டும் பில்லை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமைப்படுத்தும் முறை நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் இருக்கிறது. அட்டையில் ஒரு பகுதி, ரொக்கத்தில் ஒரு பகுதி கட்டும்போது உங்கள் கணக்கும் ரசீதும் ஒன்றிரண்டு சென் வேறுபட்டால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வேறுபாடு ரிங்கிட் கணக்கில் போனால்தான் கேட்க வேண்டும்.

ரசீதின் அடிப்பகுதியில் அட்டையின் மீதி அச்சாகும். முகப்பை விட்டு நகரும் முன் அதை நோட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அந்த ரசீது வெப்பத்தால் அச்சாகும் தாள். கார் முன்கண்ணாடி அருகிலோ பிளாஸ்டிக் உறையிலோ சில மாதம் கிடந்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். கிரெடிட் நோட்டையும் பல கடைகள் இதே தாளில்தான் தருகின்றன, எழுத்து மறைந்த கிரெடிட் நோட்டை எந்தக் காசாளரும் வாங்கமாட்டார். அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள், முடிந்தால் நகலும் எடுத்து அசலோடு சேர்த்து வையுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது கணக்கு இன்னும் சிக்கலாகும். மேற்சொன்ன 127.80 பில்லில் இருந்து 45 ரிங்கிட் பாத்திரம் ஒன்றைத் திருப்பினால், கடை அதை அட்டைக்கே திரும்ப ஏற்றலாம், அல்லது புதிய கிரெடிட் நோட்டாகத் தரலாம். காகிதச் சீட்டைத் திரும்பத் தருவது அரிது. புதிய கிரெடிட் நோட் என்றால் அதற்குத் தனி முடிவுத் தேதி உண்டு. எனவே அட்டைப் பக்கத்தில் 45ஐக் கூட்டி 80.80 என்று எழுதிவிடாதீர்கள். அட்டை 35.80தான். கிரெடிட் நோட்டுக்குப் புதுப் பக்கம்.

இடையில் மீதி பார்க்க வேண்டுமானால் சேவை முகப்பில் கேட்கலாம், அல்லது அட்டையின் பின்புறம் உள்ள இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பார்க்கலாம். கூகளில் ‘பரிசு அட்டை மீதி’ என்று தேடி முதலில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். அட்டை எண்ணையும் சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டு, பணத்தை வேறெங்கோ செலவழிக்கும் போலிப் பக்கங்கள் உண்டு. இந்த இரண்டு எண்ணும் இருந்தால் இணையக் கடையில் அட்டையே வேண்டாம். ஆகவே பயன்படுத்தும் நாள் வரை சுரண்டாமல் வையுங்கள், குடும்பப் புலனக் குழுவில் படம் போடும்போது அந்தப் பகுதியை மறையுங்கள். வாங்கும்போதே சுரண்டும் பட்டை கீறியிருந்தால் அந்த அட்டையை எடுக்கவேண்டாம்.

கடையே மூடிவிட்டால் முடிவுத் தேதிக்கு மதிப்பில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எஞ்சியிருந்த கடைகளை மூடுவதாக ராபின்சன்ஸ் 2020 அக்டோபர் 30இல் அறிவித்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். நிறுவனம் கலைக்கப்படும்போது பரிசு அட்டை வைத்திருப்பவர் பிணையில்லாக் கடன்காரர் ஆகிறார். பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்கும், சட்டம் முன்னுரிமை தந்தவர்களுக்கும் கொடுத்த பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் இவருக்கு. கிளைகள் ஒவ்வொன்றாக மூடுவதும், அலமாரிகள் காலியாகக் கிடப்பதும் தெரிந்தால் தீபாவளி வரை காத்திருக்காமல் செலவழித்துவிடுங்கள்.

தேதி தாண்டிவிட்டால் அன்றோ மறுநாளோ மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். சில நாள் நீட்டிப்பது அவர் விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் தேதி முடியாமலே கடை ஏற்க மறுத்தாலோ, ரசீதில் 63.60 என்றிருந்த மீதி அடுத்த முறை பூஜ்யம் என்று காட்டினாலோ, அது வேறு விஷயம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்த மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே எடுத்துச் செல்ல வேண்டியவை அட்டை, மீதி அச்சான கடைசி ரசீது, அதன் நகல், கடைக்கு நீங்கள் எழுதிக் கேட்ட கடிதம் அல்லது மின்னஞ்சல்.