வேலையற்ற காய்க்கு வேலை தருதல்: அமைதியான சதுரங்க நிலைகளில் திட்டமிடும் ஒரு முறை

வெட்டுவதற்குக் காய் இல்லை, தாக்குவதற்கு ராஜா இல்லை, எதிராளியின் மிரட்டலும் இல்லை என்ற நிலையில் ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சதுரங்க நூல்கள் தரும் விடைகளில் மிக எளியது, தன் காய்களில் மிக மோசமாக நிற்பதைக் கண்டுபிடித்து அதற்கு நல்ல இடம் தேடுவது. இந்த விதி அஸர்பைஜானின் பாக்கு நகரைச் சேர்ந்த விளாதிமிர் மககோனவின் பெயரால் வழங்குகிறது. இளம் காஸ்பரோவுக்குப் பயிற்சி அளித்தவர்களில் அவரும் ஒருவர்.

விதி எளிது, அதிலுள்ள 'மோசமான' என்பதற்கு அளவுகோல் எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு காய் எத்தனை கட்டங்களுக்குப் போக முடியும் என்று எண்ணிப் பார்ப்பது பாடப்புத்தகம் சொல்லும் முதல் வழி. மூலையில் அடைபட்ட யானையும், சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் ஒடுங்கிய மந்திரியும் இந்தக் கணக்கில் உடனே அகப்படும். ஆனால் இந்தக் கணக்கு பாதி உண்மையையே காட்டுகிறது. காய் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதைவிட, இந்த நிலை கேட்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டா என்பதே சரியான அளவுகோல். அப்படி அளந்தால், பார்வைக்கு அழகாக மையத்தில் நிற்கும் காய்கூட மோசமான காயாக இருக்கலாம். 1974இல் லெனின்கிராடில் நடந்த உலகப் பட்டத்திற்கான தகுதிச் சுற்றின் அரையிறுதியில், கார்போவும் ஸ்பாஸ்கியும் ஆடிய ஒன்பதாம் ஆட்டம் இதற்குத் தெளிவான சான்று.

அந்த ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய கார்போவின் 24ஆம் நகர்த்தல் வரும்போது பலகை அமைதியாக இருந்தது. வெள்ளையின் e4 சிப்பாயும் கறுப்பின் e5 சிப்பாயும் முட்டி நின்றன. வெள்ளையின் ராணி c4இலிருந்தும் ஒரு யானை f வரிசையிலிருந்தும் f7 சிப்பாயைக் குறிவைத்தன. இன்னொரு யானை d2இல் நின்றது. வெள்ளைக் குதிரை c3இல், d5 கட்டத்துக்குத் தாவத் தயாராக நிற்பதுபோல் தெரிந்தது. தொடக்க நிலை ஆட்டக்காரர் எவரும் அதை நல்ல குதிரை என்றே சொல்வார்.

கறுப்பின் பக்கத்தில் நன்றாக நின்ற காய், b4இல் இருந்த குதிரைதான். அது d5ஐக் காத்தது, c2ஐத் தாக்கியது. வெள்ளைக் குதிரை d5க்குப் போனால் கறுப்பின் c6 சிப்பாயே அதை வெட்டிவிடும். b4 குதிரையை விரட்ட c சிப்பாய் c3க்கு முன்னேற வேண்டும். அந்தக் கட்டத்தையோ வெள்ளையின் குதிரையே அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அழகாகத் தெரிந்த அந்தக் குதிரை பயன்படுத்த முடியாத கட்டத்தைப் பார்த்துக்கொண்டு, சொந்தச் சிப்பாயின் வழியையும் மறித்து நின்றது புரியும். கார்போவ் அதைப் பின்வாங்கச் செய்து b1இல், குதிரை ஆட்டம் தொடங்கிய அதே கட்டத்தில், வைத்தார்.

25ஆம் நகர்த்தலில் ராஜா h2க்கு ஒதுங்கியது. 26இல் c3 என்று சிப்பாய் நகர்ந்ததும் கறுப்புக் குதிரை பலகையின் ஓரமான a6க்கு ஓட வேண்டியதாயிற்று. 27இல் d2இலிருந்த யானை e2க்கு விலகி வழிவிட, 28இல் குதிரை d2க்கும் 29இல் f3க்கும் வந்தது. ஆறு நகர்த்தல்களில் மூன்று குதிரைக்கு. மற்ற மூன்றில் இரண்டு அதன் பயணத்தோடு ஒட்டியவை. இத்தனை நகர்த்தல்களைச் செலவிட முடிந்ததற்கு நிலையின் இறுக்கமே காரணம்: கறுப்புக்குத் திறந்துவிடத்தக்க சிப்பாய் முன்னேற்றம் இல்லை, f7ஐக் காக்கும் கடமையோ இருந்தது.

இனி நடந்தது அந்தக் குதிரையின் புதிய வேலையிலிருந்தே பிறந்தது. f3க்கு வந்த குதிரை e5 சிப்பாயைத் தாக்கியது; அதைக் காக்க ஸ்பாஸ்கி f6 ஆடினார். அதனால் e6 கட்டத்துக்குச் சிப்பாய்க் காவல் இல்லாமல் போயிற்று. 31இல் கார்போவின் ராணி அங்கே நுழைந்தது. 33ஆம் நகர்த்தலில் கறுப்புக் குதிரை a6இலிருந்து b8க்குப் பின்வாங்கியது. வெள்ளைக் குதிரையின் பின்வாங்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதற்கு b8இலிருந்து முன்னேற நல்ல இடம் கிடைக்கவில்லை என்பதே. 35இல் வெள்ளை யானை d8இல் வெட்டியதும் ஸ்பாஸ்கி ஆட்டத்தைக் கைவிட்டார். தன் மோசமான காயை மாற்றிய அதே திட்டம், எதிராளியின் சிறந்த காயை மோசமானதாக்கியது. தன் காய்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பாதி கண்ணில் படாது என்பதால், மககோனவின் விதியை இரு பக்கக் காய்களுக்கும் சேர்த்தே பொருத்திப் பார்ப்பது நல்லது.

நடைமுறையில் முதலில் எதிராளியின் அடுத்த நகர்த்தலில் மிரட்டல் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டென்றால் இந்த முறைக்கு அங்கே இடமில்லை. பின்னர் ஒவ்வொரு காயின் வேலையைக் கேட்டு, வேலையற்றதைத் தேர்ந்து, அது சேர வேண்டிய கட்டத்தை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வழியைக் கணக்கிட வேண்டும். கட்டத்தை முடிவு செய்யாமல் காயை 'நல்ல இடத்துக்கு' என்று கிளப்புவதே பொதுவான தவறு. குதிரை இரண்டு தாவல் தாவிவிட்டு மறுபடி திரும்பினால் அந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அறியலாம். டச்சுத் தடுப்பின் கற்சுவர் அமைப்பு இதற்கு நல்ல பயிற்சி. d5, e6, f5 சிப்பாய்களுக்குப் பின்னால் c8 மந்திரி அடைபடும். d7, e8 வழியாக h5க்குப் போனால் அது சுவருக்கு வெளியே வரும். மூன்று நகர்த்தல்கள் தேவை. மையம் திறந்துவிடும் நிலையில் அவை கிடைக்காது.

விதிக்கு எல்லையும் உண்டு. அடைபட்டதாகத் தெரியும் மந்திரி முக்கியமான சிப்பாயையோ ராஜாவின் கோட்டையையோ காத்துக்கொண்டிருந்தால், அதை எடுத்தவுடன் காவல் சரியும். வேலையற்ற காய்க்கு நல்ல கட்டமே இல்லையென்றால், எதிராளியின் சுறுசுறுப்பான காயோடு அதை மாற்றிக்கொள்வதுதான் வழி.

மோசமான காயைக் கவனிக்காமல் விட்டதன் விலையைத் தமிழ் வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையின் குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரனுக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிங்கின் நிலை சமனாகவே இருந்தது. ஆனால் அவருடைய மந்திரி a8 மூலையில் நின்றது. 55ஆம் நகர்த்தலில் அவர் யானையை f2இல் வைத்து மாற்றத்துக்கு முன்வந்தார். குகேஷ் யானைகளை மாற்றிவிட்டு, ராஜாவின் காவலில் இருந்த d5 கட்டத்தில் தன் மந்திரியை நிறுத்தினார். மூலை மந்திரிக்கு மிச்சமிருந்த b7, c6 கட்டங்களும் அதே மூலைவிட்டத்தில் இருந்ததால் எங்கு போனாலும் வெட்டுப்படும். மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மந்திரிகள் போனபின் எஞ்சிய சிப்பாய் இறுதியாட்டம் வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங்குக்குத் தோல்வி. டிங் செய்த நேரடிப் பிழை யானையை நகர்த்தியதுதான். ஆனால் மந்திரி மூலையில் நின்றதால்தான் அந்த நகர்த்தல் பிழையாயிற்று. அது வேறொரு மூலைவிட்டத்தில், d5இல் வரும் மந்திரிக்குப் பிடிபடாத இடத்தில் நின்றிருந்தால், யானை மாற்றம் இத்தனை கேடு செய்திருக்காது. 58ஆம் நகர்த்தலுக்குப் பின் டிங் தோல்வியை ஒப்புக்கொள்ள, 18 வயது குகேஷ் உலக வாகையரானார்.