திதி காட்டும் பேற்றுப் புள்ளி: மேல்நாட்டுச் சோதிடத்தின் ‘அரபு லாட்’ கணக்கு

மேல்நாட்டு முறையில் எழுதிய சாதகக் குறிப்புகளில், கிரகங்களின் வரிசைக்குக் கீழே ஒரு வட்டத்துள் பெருக்கல் குறியிட்ட அடையாளம் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் அதை ‘பார்ட் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்பார்கள். கே.பி. முறை பயின்றவர்களுக்கு அது ‘ஃபார்ச்சூனா’. இக்கட்டுரையில் பேற்றுப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது கிரகமோ விண்மீனோ அன்று; சூரியன், சந்திரன், இலக்கினம் ஆகிய மூன்றின் பாகைகளிலிருந்து கணக்கால் பெறும் இடம். ‘அரபு லாட்’ என்ற பெருங்குடும்பத்தில் தலைப்பிள்ளை இதுவே.

கணக்கின் சாரம் இது: சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை முன்னே சென்றுள்ளதோ, அத்தனை பாகையை இலக்கினத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் கிடைப்பது பேற்றுப் புள்ளி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட அந்தத் தூரம் நமக்குப் புதியதன்று. அதை 12 பாகைத் துண்டுகளாக வெட்டினால் வருவதுதான் திதி. பஞ்சாங்கத்தில் நாம் தினமும் பார்க்கிற திதியை, பிறந்த நேரத்தின் இலக்கினத்திலிருந்து அளந்து வான வட்டத்தில் பதித்த அடையாளமே பேற்றுப் புள்ளி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது. அமாவாசை முடியும் கணத்தில் பிறந்தவனுக்குப் புள்ளி இலக்கினத்திலேயே விழும். பூரணை முடியும் கணமானால் நேர் எதிரே, ஏழாம் இடத்தில் விழும். பகற்பிறப்பாயின் வளர்பிறை அட்டமியின் நடுவில் அது இலக்கினத்துக்கு 90 பாகை முன்னே நிற்கும்.

மருதனார்மடத்தில் சித்திரை மாதத்து ஒரு காலை, 9 மணிக்கு ஒரு பிள்ளை பிறந்ததாக வைத்துக் கணித்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த சாதகம், எவருடையதும் அன்று. சூரியன் மேடத்தில் 10 பாகை, சந்திரன் கடகத்தில் 25 பாகை. அந்த நேரத்தில் நம் ஊருக்கு இலக்கினம் இடபத்தில் 26 பாகை அளவில் வரும். மேட முதலிலிருந்து எண்ணினால் சூரியன் 10, சந்திரன் 115, இலக்கினம் 56. சந்திரனில் சூரியனைக் கழித்தால் 105. அதை இலக்கினத்தின் 56-உடன் கூட்டினால் 161, அதாவது கன்னியில் 11 பாகை. கூட்டல் 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிட வேண்டும். கழித்தல் குறையில் முடிந்தால் 360-ஐச் சேர்த்துவிட வேண்டும்.

இடையில் வந்த அந்த 105-ஐ விட்டுவிடக் கூடாது. அதை 12-ஆல் வகுத்தால் எட்டே முக்கால்: எட்டுத் திதி கழிந்து ஒன்பதாவது நடக்கிறது, வளர்பிறை நவமி. பஞ்சாங்கத்தில் அந்த நேரத்துக்கு நவமி இருந்தால் இரு கிரகங்களின் பாகையும் பொருந்துகின்றன என்று கொள்ளலாம். தசமியோ சத்தமியோ இருந்தால் எங்கோ பிழை. பெரும்பாலும், ஒரு கிரகத்தை நிராயன அட்டவணையிலிருந்தும் மற்றதைச் சாயன அட்டவணையிலிருந்தும் எடுத்திருப்பார்கள். அல்லது மணியை மாற்றும்போது தவறியிருப்பார்கள். மேல்நாட்டுப் புத்தகங்கள் இந்தச் சோதனையைச் சொல்வதில்லை. திதியோடு வளர்ந்த நமக்கு அது கையிலேயே இருக்கிறது.

நிராயனமா சாயனமா என்ற கேள்வி இங்கே வேறு விதமாக எழுகிறது. அயனாம்சத்தை எளிமைக்காக 24 பாகை என்று கொண்டால், மேற்சொன்ன சாதகம் சாயனத்தில் சூரியன் 34, சந்திரன் 139, இலக்கினம் 80 ஆகும். வித்தியாசம் மாறாமல் அதே 105. புள்ளி 185, துலாத்தில் 5 பாகை. வானத்தில் இரண்டும் ஒரே இடந்தான். பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் பலன் சொல்கிறவர் முதலில் பார்ப்பது புள்ளி விழுந்த இராசியின் அதிபதியை. நிராயனத்தில் அது புதன், சாயனத்தில் சுக்கிரன். ஆகவே இரு முறையாரும் ஒரே கணக்கைச் செய்து வெவ்வேறு கிரகத்திடம் போய் நிற்பார்கள். சாயன இலக்கினத்தோடு கூட்டி வந்த புள்ளியை நிராயனக் கட்டத்தில் எழுதிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. திதிச் சோதனையில் அது சிக்காது. புள்ளி 24 பாகை தள்ளிக் கிடக்கும்.

இந்தக் கணக்கை ஏன் இப்படி அமைத்தார்கள்? சூரியன் உதிக்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். அப்போது சூரியனும் இலக்கினமும் ஒரே பாகையில் நிற்கும். பேற்றுப் புள்ளி சந்திரன் மேலேயே விழும். பிறகு சூரியன் இலக்கினத்தை விட்டு எவ்வளவு விலகுகிறதோ, சந்திரனும் அந்தப் புள்ளியை விட்டு அவ்வளவே விலகுகிறது. சூரியனுக்கு இலக்கினம் எப்படியோ சந்திரனுக்கு இப்புள்ளி அப்படி. இதனால்தான் தொலமி இதைச் சந்திரனின் இலக்கினம் போலக் கருதினார். உடலையும் பொருளையும் இதைக் கொண்டு பார்ப்பது சந்திரன் அவற்றுக்குக் காரகன் என்பதால். 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டியஸ் வாலன்ஸ் இன்னும் ஒரு படி போய், இப்புள்ளியையே முதலிடமாக வைத்து இராசிகளை எண்ணினார். அதற்குப் பதினோராம் இடம் வரவைக் காட்டும் என்றார். நம் உதாரணத்தில் கன்னிக்குப் பதினொன்று கடகம். அங்கே சந்திரனே ஆட்சியாக நிற்கிறது. வாலன்ஸ் வழி நிற்பவர் இந்தச் சாதகத்தில் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

இனி இத்துறையின் பெரிய வழக்குக்கு வருவோம். மேலே செய்தது பகற்பிறப்புக்கான கணக்கு. இரவில் பிறந்தவருக்கு, சந்திரனிலிருந்து சூரியன் வரை எண்ணி அதை இலக்கினத்தோடு கூட்ட வேண்டும் என்று 1-ஆம் நூற்றாண்டின் தொரொத்தேயஸ் தொடங்கிப் பல கிரேக்க ஆசிரியரும் பின்வந்த அரபு ஆசிரியரும் சொல்கிறார்கள். இரவுக்கு உடையவன் சந்திரன். ஆகவே அங்கிருந்துதான் எண்ணிக்கை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். தொலமி மட்டும் இரவுக்கும் பகலுக்கும் ஒரே வழி என்றார். ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டுக்குப் பின் அவர் வழியே பெரும்பாலும் நிலைத்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து கே.பி. முறையை நிறுவிய கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி எடுத்துக்கொண்ட ஃபார்ச்சூனாவும் அந்த வழிப்பட்டதே. ஒரே சாதகத்துக்கு இருவர் இரண்டு புள்ளி காட்டுவதற்கு முதற்காரணம் இது.

அதே சித்திரை நாளில் இரவு 8 மணிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சந்திரன் சிங்கத்தில் 1 பாகைக்கு நகர்ந்திருக்கும். இலக்கினம் விருச்சிகம் 4. இடைத்தூரம் 111. தொலமி வழியில் 214-உடன் 111-ஐக் கூட்டினால் 325, கும்பத்தில் 25. மாற்றுக் கணக்கில் 214-இலிருந்து 111-ஐக் கழித்தால் 103, கடகத்தில் 13. ஒன்று நான்காம் இடம், மற்றது ஒன்பதாம் இடம். இது சில பாகை வேறுபாடன்று. சாதகத்தின் வாசிப்பே மாறிப்போகும். என் மனம் பழைய ஆசிரியர் பக்கமே நிற்கிறது. அவர்களுடைய சோதிடம் முழுவதும் பகல், இரவு என்ற பிரிவின் மேல் எழுந்தது. இந்த ஒரு கணக்கில் மட்டும் அதைக் கைவிட்டால் மற்ற விதிகளோடு பொருந்தாது.

மாற்றுக் கணக்கை ஏற்போர் எதிர்கொள்ளும் இடர் அந்தி நேரத்தில் இருக்கிறது. அதே நாளில் சூரியன் மறையும் 6.20 மணியளவில் பகற்கணக்குப் புள்ளியைக் கும்பத்தின் தொடக்கத்தில் காட்டும். அடுத்த நிமிடத்தின் இரவுக்கணக்கு மிதுனம் 20-இல் காட்டும். இந்தத் தாவல் அமாவாசையிலும் பூரணையிலும் இல்லாமற் போகும். அட்டமியை ஒட்டி மிகப் பெரிதாகும். ஆகவே அந்தியில் பிறந்தவருக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலா கீழா என்று தீர்மானிக்காமல் புள்ளி குறிக்கக் கூடாது. அதற்குப் பஞ்சாங்க அஸ்தமன நேரத்தைவிட இலக்கினமே நல்ல சாட்சி. இலக்கினப் பாகையிலிருந்து முன்னோக்கி எண்ணும்போது சூரியன் 180-க்குள் வந்தால் அது கீழே, இரவு; 180-க்கு மேல் வந்தால் பகல். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும் சூரியனின் மேல்விளிம்பையே நாம் பார்ப்பதாலும், கண்ணுக்குத் தெரியும் அஸ்தமனம் கணித அஸ்தமனத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பிந்தியே நிகழ்கிறது.

நேரப் பிழையின் அளவையும் மனதில் வைக்க வேண்டும். இலக்கினம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. சந்திரன் ஒரு மணி நேரத்துக்கு அரைப் பாகைதான். எனவே கால் மணி நேரத் தவறு புள்ளியை ஏறத்தாழ நான்கு பாகை தள்ளிவிடும். பாகை சுத்தமாக வேண்டும் என்போர் முதலில் பிறந்த நேரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வானத்தில் கண்ணால் கண்டதும் கணக்கும் எங்கே பிரிகின்றன என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 2019 டிசம்பர் 26-இல் வடபகுதியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. காலை ஒன்பதரை மணியளவில் சந்திரன் சூரியனுக்குள் முழுதாய் அமர்ந்து நெருப்பு வளையம் காட்டியது. கண்டவர் எவரும் அதுவே அமாவாசை முடியும் கணம் என்பர். ஆனால் பூமியின் மையத்தை வைத்துக் கணித்த அமாவாசை 10.43-க்குத்தான் முடிந்தது. நாம் பூமியின் மேற்பரப்பில் நின்று பார்ப்பதால் அருகிலுள்ள சந்திரன் இடம் பெயர்ந்து தோன்றும். அதனால் வளையம் தெரிந்த கணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேற்றுப் புள்ளி இலக்கினத்தின் மேலேயே விழாது. ஏறத்தாழ அரைப் பாகை பின்னே நிற்கும். இக்கணக்கு புவிமையச் சந்திரனைக் கொண்டது.

மற்ற லாட்கள் இதே அச்சில் வார்த்தவை. இரு கிரகங்களின் இடைத்தூரத்தை எடுத்து இலக்கினத்திலிருந்து எண்ண வேண்டும்; இரவில் திருப்ப வேண்டும். பேற்றுப் புள்ளியைத் திருப்பிப் போட்டால், அதாவது பகலில் சந்திரனிலிருந்து சூரியன் வரை எண்ணினால், ஆன்மப் புள்ளி வரும். நம் காலைச் சாதகத்தில் அது 311, கும்பத்தில் 11. இலக்கினத்துக்கு ஒன்று 105 முன்னே, மற்றது 105 பின்னே. பகலில் சூரியனிலிருந்து சனி வரை எண்ணினால் தந்தைக்குரியது; சுக்கிரனிலிருந்து சந்திரன் வரை தாய்க்குரியது. சனி சூரியனை ஒட்டி அஸ்தங்கதமாயிருந்தால், தந்தைக்குச் செவ்வாயிலிருந்து வியாழன் வரை எண்ணச் சொன்னார்கள். 378-இல் எழுதிய அலெக்சாந்திரியாவின் பவுலஸ் ஏழு கிரகங்களுக்கு ஏழு புள்ளிகளைத் தருகிறார். பாக்தாதின் அபூ மஃசரிடம் பட்டியல் நூறை நெருங்கியது. பயிருக்கும் பண்டத்துக்கும் கூடப் புள்ளி உண்டானது. 1029-இல் அல்பிரூனி, இவை நாளுக்கு நாள் பெருகுகின்றன என்று சலித்துக்கொண்டார். ‘அரபு’ என்ற அடைமொழி, கிரேக்கர் சொத்தை வளர்த்துக் கையளித்தவர்களுக்கு வந்து சேர்ந்த பெயர்.

அவர்களிடமிருந்தே அது இந்தியாவுக்கும் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியாவின் சமரசிம்மர் தாஜிகத்தைச் சமற்கிருதத்தில் எழுதினார். 1587-இல் நீலகண்டர் தாஜிக நீலகண்டியை முடித்தார். வருடபலன் பார்ப்போர் ‘சகமம்’ என்று சொல்வது இந்த அரபு லாட்களையே. புண்ணிய சகமம் எழுத்துக்கு எழுத்து பேற்றுப் புள்ளி. வித்தியா சகமம் ஆன்மப் புள்ளி. பிதிர் சகமம் சூரியன் முதல் சனி வரையிலான அதே எண்ணிக்கை. இரவில் திருப்பும் விதியும் அப்படியே இருக்கிறது. நம்மவருள் எவரேனும் சகமம் கணித்திருந்தால், அவர் அறியாமலே பேற்றுப் புள்ளியைக் கணித்திருக்கிறார்.

தாஜிகத்தில் மட்டும் ஒரு கூடுதல் விதி காணப்படுகிறது. கழிக்கப்படும் கிரகத்திலிருந்து மற்றக் கிரகம் வரையுள்ள பரப்பில் இலக்கினம் அகப்படாவிட்டால், விடையோடு ஓர் இராசி, அதாவது 30 பாகை, சேர்க்க வேண்டும். நம் காலைச் சாதகத்தில் சூரியன் 10-க்கும் சந்திரன் 115-க்கும் இடையில் இலக்கினம் 56 அகப்படுவதால் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே பகலில் இலக்கினம் 115-ஐத் தாண்டியதும், அதாவது சந்திரன் உதித்ததும், புள்ளி ஒரே தாவலில் ஓர் இராசி முன்னே போய்விடும். சந்திரனுக்கு இலக்கினம் போன்றது என்ற அடிப்படை வடிவத்துக்கு இந்தத் தாவல் ஒத்துவரவில்லை. ஆதலால் பிறப்புச் சாதகத்தில் பேற்றுப் புள்ளி குறிக்கும்போது நான் இதைச் சேர்ப்பதில்லை. வருடபலனில் நீலகண்டர் வழியே போவோர் சேர்க்கட்டும். எந்தப் பக்கம் நின்றாலும், இரவுக்குத் திருப்பியதா, 30 சேர்த்ததா, எந்த அயனாம்சம் என்ற மூன்றையும் புள்ளியின் அருகே எழுதிவைத்தால், அடுத்துப் பார்ப்பவர் அதை நொடியில் சரிபார்த்துக்கொள்வார்.