மினிட்ஸில் புதைந்த ஆணிகள்

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. சர்வரில் லாக் டிஸ்க் நிரம்பி எங்க சைட் படுத்துடுச்சு. பழைய லாக்கை எல்லாம் அழிச்சு, திரும்ப எழுப்பி விடுறதுக்குள்ள மணி ரெண்டு. திங்கக்கிழமை காலையில, இது முன்னாடியும் நடந்திருக்கான்னு விக்கியைத் தேடினேன். ரெண்டு மாசத்துக்கு முந்தைய ரெட்ரோ மினிட்ஸ் கிடைச்சது. அதுல ஆறாவது வரி: "லாக் டிஸ்க்குக்கு அலாரம் வைக்க வேண்டும். பொறுப்பு: டீம்." எழுதினது யாருன்னு பார்த்தா, சாட்சாத் அடியேன்தான்!

பொட்டி தட்டுறவங்களுக்கு இது புதுசில்ல. ஸ்பிரிண்ட் முடிஞ்சதும் ரெட்ரோவில் உட்கார்ந்து, எது சொதப்பிச்சுன்னு ஒரு மணி நேரம் பேசுவோம். பத்து ஆக்‌ஷன் ஐட்டம் எழுதுவோம். கதவைத் திறந்து வெளியே வந்ததும் வழக்கமான ஆணி கூப்பிடும். அந்தப் பத்தும் அங்கேயே நின்னுடும். இது ஏன் இப்படின்னு கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினப்போ, ஒரே ஒரு வாக்கியத்தின் கதை கிடைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மென்பொருள் உலகத்தில் 'ரெட்ராஸ்பெக்டிவ்' என்ற பேரைப் பரப்பினவர் நார்மன் கெர்த். இதுக்கென்றே அவர் எழுதின புத்தகம் 2001இல் வந்தது. அவர் சொன்ன ரெட்ரோ நம்ம ஒரு மணி நேரக் கூத்து இல்ல. முழு ப்ராஜெக்ட்டும் முடிஞ்ச பிறகு எல்லாரையும் வெளியூர் கூட்டிட்டுப் போய் மூணு நாள் உட்கார வைக்கிற சமாச்சாரம். பேச்சு ஆழமாக இருக்கும். ஆனா ப்ராஜெக்ட் முடிஞ்சா டீமும் கலைஞ்சிடும். கத்துக்கிட்ட பாடத்தைச் செய்து முடிக்க ஆள் எங்கே? அறிக்கை அலமாரிக்குப் போகும்.

அதே 2001இல் வந்த அஜைல் அறிக்கையின் பன்னிரண்டாவது கொள்கை, குழு குறிப்பிட்ட இடைவெளியில் தன்னைத்தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கணும்னு சொன்னது. ஸ்க்ரம்மில் அது ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் நடக்கிற கூட்டமாச்சு. இப்போ டீம் கலையாது, அடுத்த வாரமும் அதே ஆட்கள்தான். ஆள் பிரச்சினை தீர்ந்தது. ஆனா இடப் பிரச்சினை வந்தது. வேலை எல்லாம் ஒரு போர்டில் இருக்கும், ரெட்ரோ ஐட்டங்கள் வேற ஏதோ பக்கத்தில் இருக்கும். தினமும் காலையில் நின்னுக்கிட்டுப் பார்க்கிறது போர்டைத்தான். அந்தப் பக்கத்தை யாரும் திறக்கிறதில்ல.

2017 நவம்பரில் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் ஸ்க்ரம் கையேட்டைத் திருத்தினப்போ ஒரு வாக்கியம் சேர்த்தாங்க. போன ரெட்ரோவில் கண்டுபிடிச்ச முக்கியமான செயல்முறைத் திருத்தம் ஒண்ணாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் இருக்கணும் என்பது அதன் சாரம். சின்ன வரிதான். ஆனா அது ஐட்டத்தை விக்கியிலிருந்து போர்டுக்குக் கொண்டு வந்தது. போர்டுக்கு வந்துட்டா அதுக்கும் நேரம் ஒதுக்கியாகணும், மத்த வேலையோட போட்டி போட்டாகணும்.

நிற்க. அந்த வாக்கியம் மூணு வருஷம்தான் வாழ்ந்தது. 2020 நவம்பரில் வந்த கையேடு கட்டளைகளைக் குறைச்சு சுருக்கமா வந்தது. பலன் அதிகமுள்ள திருத்தங்களைச் சீக்கிரம் கவனிக்கணும், வேணும்னா பேக்லாக்கில் சேர்க்கலாம்னு ஆயிடுச்சு. 'இருக்கணும்' போய் 'லாம்' வந்தது. கட்டாயம்னா சில டீம்கள் கடமைக்கு ஒரு டிக்கெட் போட்டு ஒப்பேத்துவாங்க என்பது உண்மைதான். நாங்களும் செஞ்சிருக்கோம். இருந்தாலும் அந்தப் பழைய வரியை நாங்க விடலை.

ஏன்னா, போர்டுக்கு வந்தா மட்டும் போதாதுன்னு லாக் டிஸ்க் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தத் திங்கக்கிழமை அதே ஐட்டத்தை டிக்கெட்டாத் திரும்ப எழுதினோம். "டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் டியூட்டியில் இருக்கிறவர் ஃபோனுக்கு எஸ்எம்எஸ் போகணும்." பொறுப்பு: ஒரே ஒருத்தர் பேர். நாள்: அடுத்த புதன். முடிஞ்சதுக்கு அடையாளம்: டெஸ்ட் சர்வரில் ஒரு பெரிய ஃபைலைப் போட்டு டிஸ்க்கை நிரப்பணும், எஸ்எம்எஸ் வரணும். அரை நாள் வேலைன்னு மதிப்பிட்டு, அந்த அரை நாளுக்கு வேற ஒரு வேலையைப் போர்டிலிருந்து எடுத்தோம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். எதையும் எடுக்காம சேர்த்தா, ஸ்பிரிண்ட் கடைசியில் முதலில் தள்ளிப் போறது ரெட்ரோ ஐட்டம்தான்.

புதன்கிழமை அவர் "முடிச்சுட்டேன்"னார். ஃபைலைப் போட்டோம், எஸ்எம்எஸ் வரலை. வேலையை விட்டுப் போனவர் நம்பர் லிஸ்ட்டில் இருந்தது! சோதிக்காம டிக்கெட்டை மூடியிருந்தா இன்னொரு வெள்ளிக்கிழமை ராத்திரி போயிருக்கும்.

செய்தவரே மூடக்கூடாது என்ற பழக்கத்துக்கு நம்ம துறையை விடப் பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1967இல் வந்தது. விபத்தை விசாரிச்சு அது தர்ற ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு எண் உண்டு, யார் செய்யணும்னு பேர் உண்டு. போக்குவரத்துத் துறைச் செயலருக்குப் போனால் 90 நாளுக்குள் பதில் தரணும். பதில் வந்தா மூடிட மாட்டாங்க. அது திருப்தியா இல்லையான்னு வாரியமே முடிவு பண்ணும். 'மூடப்பட்டது, நடவடிக்கை ஏற்கத்தக்கதல்ல' என்றே ஒரு நிலை வெச்சிருக்காங்க.

இதுக்கும் எல்லை உண்டு. 1969இல் கனெக்டிகட்டின் டேரியன் ஊரில் ரெண்டு ரயில் மோதி 4 பேர் இறந்த பிறகு, ரயிலைத் தானாக நிறுத்தும் கட்டுப்பாடு வேணும்னு வாரியம் கேட்க ஆரம்பிச்சது. கட்டாயப்படுத்த அதுக்கு அதிகாரம் கிடையாது. 2008இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 25 பேர் இறந்த பிறகுதான் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சொன்ன தடங்களில் எல்லாம் வேலை முடிஞ்சது 2020 டிசம்பரில். 51 வருஷம்! பேரும் எண்ணும் இருந்ததால் ஐட்டம் தொலையலை. அதிகாரம் இல்லாததால் நடக்கவும் இல்லை.

அதனால இப்போ எங்களுக்கு ஒரு விதி. வேற டீம் கையில் இருக்கிற விஷயத்தை நம்ம ஆள் பேரில் போட்டா, "டேட்டாபேஸை மாத்து"ன்னு எழுதக்கூடாது. "அந்த டீம் லீடிடம் கேட்டு, வெள்ளிக்குள் ஆமாவா இல்லையான்னு பதில் வாங்கு"ன்னு எழுதணும். அதுதான் அவரால் முடிக்கக்கூடிய வேலை. பதில் 'இல்லை'ன்னு வந்தாலும் டிக்கெட் மூடும், அடுத்த ரெட்ரோவில் மேனேஜர் முன்னாடி அந்த 'இல்லை'யை வைப்போம்.

ஒவ்வொரு ரெட்ரோவும் இப்போ இந்த ஜிரா தேடலோடதான் ஆரம்பிக்குது:

```
labels = retro AND statusCategory != Done
AND (assignee is EMPTY OR sprint is EMPTY)
ORDER BY created ASC
```

ஆளில்லாத, ஸ்பிரிண்ட் இல்லாத அனாதைகள் எல்லாம் பழசு முதலாக வரிசையா வந்து நிக்கும். மூணு ரெட்ரோவில் தொடர்ந்து வந்தா ரெண்டே வழி: அரை நாளில் முடியற துண்டா உடைக்கணும், இல்லாட்டி "இதைச் செய்யப் போறதில்லை"ன்னு வெளிப்படையா எழுதி மூடணும்.

கொசுறு: அலாரம் வெச்ச நாலாவது மாசம், ஒரு செவ்வாய் மதியம் மூணு மணிக்கு அந்த எஸ்எம்எஸ் வந்தது. டீ ஆறுறதுக்குள்ள டிஸ்க்கைக் காலி பண்ணிட்டோம்.