நாற்பத்தொன்றாம் பிரிவை மீண்டும் வாசித்தல்: ஸ்பானிய அரசமைப்புகளில் ஆண்பால் வடிவமும் இரட்டை வடிவமும்

ஸ்பானிய மொழியில் பால் சமத்துவ வடிவங்கள் குறித்த விவாதம் எங்கே தொடங்கினாலும் இக்னாசியோ போஸ்கேயின் 2012ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடாமல் நகர்வதில்லை. பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் வட்டார அரசுகளும் வெளியிட்ட ஒன்பது மொழிநடைக் கையேடுகளை அவர் அதில் பரிசீலித்தார். ஸ்பானிய அரச மொழிக்கழகம் அதனைத் தன் நிலைப்பாடாகவே ஏற்றது. 2009இல் வெளிவந்த புதிய இலக்கணத்தின் பொறுப்பாசிரியர் எழுதியது என்பதால் அதன் சொல்லுக்குக் கனம் அதிகம். அறிக்கையின் மையக் கருத்து இது: ஆண்பால் பன்மை இலக்கண அமைப்பில் குறியற்ற வடிவம்; ஆகவே அது இரு பாலரையும் தானாகவே உள்ளடக்கும்; இரண்டையும் அடுக்கிச் சொல்வது பெரும்பாலும் தேவையற்ற சுமை. பொருள் மயக்கம் நேரும் இடங்களில் இரட்டை வடிவத்துக்கு இடமுண்டு என்பதை அவர் மறுக்கவில்லை.

இலக்கணத்தைப் பொறுத்தவரை அவரோடு எனக்குப் பிணக்கில்லை. அவர் முன்னிறுத்திய சான்றை வாசித்த விதத்தில்தான் பிணக்கு. வெனிசுவேலாவின் 1999ஆம் ஆண்டு அரசமைப்பின் 41ஆம் பிரிவை, இரட்டிப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்காட்டினார். பிறப்பால் வெனிசுவேலக் குடியுரிமை பெற்று, வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் மட்டுமே வகிக்கக்கூடிய பதவிகளை அப்பிரிவு வரிசைப்படுத்துகிறது. 'பிரெசிதெந்தே ஓ பிரெசிதெந்தா', 'மினிஸ்த்ரோஸ் ஓ மினிஸ்த்ராஸ்', 'அல்கால்தெஸ் ஓ அல்கால்தெசாஸ்' என்று நீளும் அந்தப் பட்டியலை உரக்கப் படித்தால் மூச்சு வாங்கும். அதில் ஐயமில்லை.

ஆனால் அது கண்மூடித்தனமான அடுக்கல் அன்று. தொடக்கத்தில் எழுவாயாக வரும் குடிமக்களை 'வெனெசொலானோஸ் இ வெனெசொலானாஸ்' என்று உம்மைப் பொருளில் இணைக்கிறது. பதவிகளுக்கு வந்ததும் 'ஓ' என்ற 'அல்லது' சொல்லுக்கு மாறிவிடுகிறது. தகுதி இரு பாலருக்கும் சேர்ந்தே உரியது, பதவியில் அமர்பவர் இருவரில் ஒருவர் என்ற வேறுபாட்டை இந்த ஒரு சிறு சொல் காத்து நிற்கிறது. அரசின் தலைமை வழக்குத்தொடுநரைக் குறிக்கும் 'ஃபிஸ்கால் ஹெனெரால்' மட்டும் அந்த வரிசையில் ஒற்றையாகவே நிற்கிறது. அப்பெயரும் அதன் அடைமொழியும் இரு பாலுக்கும் பொது என்பதால் அங்கே இரட்டிக்க ஒன்றுமில்லை. 'ஃபிஸ்காலா' என்ற பெண்பால் வடிவம் மொழியில் இருந்தும் வரைந்தவர்கள் அதனைத் தேடிப்போகவில்லை.

இன்னும் முக்கியமானது அதே அரசமைப்பின் 21ஆம் பிரிவு. சட்டத்தின் முன் சமத்துவத்தைப் பேசும் அதன் தொடக்க வாக்கியத்தில் இரட்டை வடிவம் இல்லை. 'தோதாஸ் லாஸ் பெர்சோனாஸ்', அதாவது எல்லா நபர்களும் என்று முடிந்துவிடுகிறது. எல்லோருக்குமான உரிமையைச் சொல்லுமிடத்தில் பொதுச்சொல், பதவியைத் திறந்துவிடும் இடத்தில் இரட்டைச் சொல் என்ற ஒரு பங்கீடு இந்த இரு பிரிவுகளுக்கிடையே தெரிகிறது. ஆவணம் முழுவதும் இது பிசகாமல் ஓடுகிறது என்று நான் வாதிடவில்லை. வாக்காளரைப் பற்றிய 64ஆம் பிரிவு உரிமையைப் பேசினாலும் இரட்டை வடிவத்தையே ஆள்கிறது. ஆயினும் 41ஐத் தனியே பிடுங்கிக் காட்டும்போது இந்தப் பங்கீடு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

பதவிக்கும் வாக்குக்கும் மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? இதற்கான விடை வெனிசுவேலாவுக்கு வெளியே, சிலே நாட்டில் கிடைக்கிறது. அந்நாட்டின் 1833ஆம் ஆண்டு அரசமைப்பு வாக்குரிமையை 'லோஸ் சிலேனோஸ்' என்ற ஆண்பால் பன்மைக்கு அளித்தது. வயது, எழுத்தறிவு, சொத்து அல்லது வருமானம் ஆகிய நிபந்தனைகளைச் சொன்ன அது பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1875இல் சான் ஃபெலிப்பே நகரில் தோமிதிலா சில்வா இ லெப்பே உள்ளிட்ட பெண்கள் அந்தச் சொல் தங்களையும் உள்ளடக்கும் என்று கொண்டு வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். போஸ்கேயின் இலக்கணப்படி அவர்கள் வாசித்ததே சரி. 1884ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் பெண்களை வெளிப்படையாகவே பெயர் சொல்லி விலக்கியது. ஆண்பால் வடிவம் பெண்களை உள்ளடக்கவே இல்லையென்றால் இந்த விலக்குக்குத் தேவை எழுந்திருக்காது. அது உறுதியாக உள்ளடக்கியிருந்தால் விலக்கு இவ்வளவு எளிதில் நிறைவேறியிருக்காது. அந்த வடிவம் யாருடைய கையில் இருந்ததோ அவர் விருப்பப்படி விரிந்தும் சுருங்கியும் இருந்தது என்பதே என் முடிபு.

ஸ்பெயினின் 1931ஆம் ஆண்டு அரசமைப்பை வரைந்தவர்களும் இதை உணர்ந்தவர்களாகவே தெரிகிறார்கள். அதன் 36ஆம் பிரிவு வாக்குரிமையை 'லோஸ் சியுதாதானோஸ்' என்ற ஆண்பால் பன்மையில்தான் வழங்குகிறது. ஆனால் உடனே 'இரு பாலையும் சேர்ந்த' என்ற அடைமொழியைப் பிணைக்கிறது. குறியற்ற ஆண்பால் தன் வேலையைத் தானே செய்திருக்குமானால் அந்த அடைமொழி அங்கே வந்திருக்காது. இது இலக்கணத்தின் குறையா, அன்றைய ஆண்களின் குறையா என்று போஸ்கே தரப்பு கேட்கலாம். சட்டம் வரைபவருக்கு அந்த வேறுபாடு பயன்படாது. அவர் அஞ்ச வேண்டியது சொல்லைத் திரித்து வாசிக்கப் போகிறவரைத்தான்.

இரட்டை வடிவம் அண்மைக்கால அரசியலின் செயற்கைப் படைப்பு என்ற பரவலான கருத்துக்கு ஒரு பழைய சான்று எதிராக நிற்கிறது. 'எல் சிட்' காவியத்தில் நாயகன் புர்கோஸ் நகருக்குள் நுழையும்போது அவனைப் பார்க்கப் பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள். சன்னல்களில் 'புர்கேசெஸ் எ புர்கேசாஸ்', அதாவது நகரத்தாரில் இரு பாலரும், நிற்கிறார்கள். ஆண்களைக் குறிக்கும் 'வரோனெஸ்' அடியிறுதியில் வருவதால் அது இயைபுக்காக வந்தது என்று தள்ளிவிடலாம். 'புர்கேசாஸ்' அடியின் நடுவில் நிற்கிறது. இயைபு அதைக் கேட்கவில்லை. இந்தச் சான்றின் காலம்தான் சிக்கல். நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு சுவடி. அதன் இறுதிக் குறிப்பில் உள்ள ஆண்டு பொதுக்காலக் கணக்கில் 1207 என்பது ஒரு தரப்பு. நூறைக் குறிக்கும் ஓர் எழுத்து அழிக்கப்பட்டதாகவும் சரியான ஆண்டு 1307 என்றும் மறுதரப்பு. முடிவு எதுவானாலும் இரட்டை வடிவம் இடைக்காலத்தது என்ற அளவில் வாதம் நிற்கும். ஆனால் காவியம் சட்டமன்று. அங்கே அது காட்சியை நிறைக்கிறது, உரிமை எதையும் வழங்கவில்லை. ஆகவே வடிவத்தின் தொன்மைக்கு மட்டுமே இதைச் சான்றாகக் கொள்கிறேன்.

இரட்டை வடிவத்துக்கு மாற்றாகச் சொல்லப்படும் '-எ' ஈற்றை 1976இல் முன்மொழிந்தவர் ஆல்வரோ கார்சியா மெசெகெர் என்ற பொறியாளர். 1994இல் அவரே பாகுபாடு மொழியமைப்பில் இல்லை, பேசுபவரிடமும் கேட்பவரிடமுமே உள்ளது என்ற நிலைக்கு வந்தார். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்களைக் குறிக்க இன்று அந்த ஈற்றுக்குத் தனித் தேவை உண்டு. இரட்டை வடிவத்தால் அதை நிறைவேற்ற முடியாது. சட்ட வரைவில் '-எ' ஈறு தடுமாறும் இடம் வேறு. 'ஹெஃபெஸ்', 'ஹுவேசெஸ்' போன்ற சொற்கள் ஏற்கெனவே '-எஸ்' என முடியும் ஆண்பால் பன்மைகள். அவற்றில் புதிய ஈறு எந்த வேறுபாட்டையும் காட்டாது. 'லெஸ்' என்ற புதிய சுட்டு மட்டுமே சுமையைத் தாங்க வேண்டும். @ குறியும் எக்ஸ் எழுத்தும் வாய்விட்டுப் படிக்க இயலாதவை. மன்றத்தில் உரக்க வாசிக்கப்படும் ஆவணத்துக்கு அவை பொருந்தா.

எனவே முறையான எழுத்தில் தேர்வு வாக்கியத்தின் வேலையைப் பொறுத்தது. கட்டணம் செலுத்தாத மாணவர்கள் தேர்வு எழுத முடியாது என்ற பல்கலைக்கழக விதியை எடுத்துக்கொள்வோம். 'லோஸ் அலும்னோஸ் கே' என்பதற்குப் பதில் 'கியெனெஸ்' (எவர்கள்) என்று தொடங்கினால் போதும். பாலும் மறைகிறது, வாக்கியமும் குறுகுகிறது. 'அலும்னாதோ' என்ற தொகுதிப்பெயர் இங்கே உதவாது. அது மாணவர் திரள் முழுவதையும் குறிப்பது. கட்டணம் செலுத்தாத தனி மாணவரை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை, 'மூன்று அலும்னாதோ' என்று எண்ணவும் முடியாது. அதே விதித்தொகுப்பில் துணைவேந்தர் பதவிக்கு யார் போட்டியிடலாம் என்று சொல்லும் பிரிவு வந்தால் 'ரெக்தோர் ஓ ரெக்தோரா' என்று ஒருமுறை முழுமையாக எழுதுவேன். 'பிரெசிதெந்தா' 1803லேயே அரச மொழிக்கழக அகராதியில் ஏறிவிட்டது. ஆனால் தலைமை வகிப்பவள் என்ற பொருளோடு தலைவரின் மனைவி என்ற பொருளும் அதற்கு அங்கே உண்டு. பெண்பால் பதவிப்பெயர்களுக்கு இத்தகைய பழைய நிழல் இருக்கும்வரை, பதவியை வரையறுக்கும் வாக்கியத்தில் அவற்றை ஆண்பால் பெயருக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அடுத்த வாக்கியத்திலிருந்து 'அந்தப் பதவியை வகிப்பவர்' என்று தொடரலாம்.