பணவீக்க முன்கணிப்பு: சமன்பாடுகளும் மரங்களும்

பணவீக்கத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறைகளுக்கு ஏ. டபிள்யூ. ஃபிலிப்ஸின் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். நியூசிலாந்தில் பிறந்த பொறியாளரான இவர், பிரிட்டனின் பொருளாதாரத்தை வண்ண நீரின் ஓட்டமாகக் காட்டும் எந்திரம் ஒன்றை 1949இல் செய்தவர். 1861 முதல் 1913 வரையிலான வேலையின்மை, கூலி விவரங்களை ஆறு சராசரிப் புள்ளிகளாகச் சுருக்கி, அவற்றின் வழியே தம் வளைகோட்டை வரைந்தார். பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரின் காலத்தொடர் முறை 1970இல் நூலாக வந்தது. 2001இல் ஆட்கசனும் ஒகானியனும் அமெரிக்க விவரங்களைக் கொண்டு, 'கடந்த ஆண்டின் பணவீக்கமே அடுத்த ஆண்டும்' என்ற எளிய கணிப்பை ஃபிலிப்ஸ் வழிச் சமன்பாடுகள் வெல்லவில்லை என்றனர். எல்லாக் காலத்துக்கும் இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அதே ஆண்டில் லியோ பிரைமன் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறையை வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவியை விட்டு நெடுநாள் ஆலோசகராகத் திரிந்தவர் அவர். லாஸ் ஏஞ்சலிஸ் காற்றில் அடுத்த நாள் ஓசோன் அளவைக் கணிப்பது அவர் எடுத்த வேலைகளுள் ஒன்று. இம்முறையில் ஒவ்வொரு மரமும் 'வேலையின்மை 5 விழுக்காட்டுக்கு மேலா?' என்பது போன்ற கேள்விகளால் பழைய மாதங்களைப் பிரித்துக்கொண்டே போகும். கடைசிக் கிளையில் தங்கும் மாதங்களின் சராசரியே அம்மரத்தின் விடை. நூற்றுக்கணக்கான மரங்களின் சராசரி காட்டின் விடை. ஜெரோம் ஃபிரீட்மனின் கிரேடியன்ட் பூஸ்டிங் கட்டுரையும் 2001இல் வந்ததே. அதில் ஒவ்வொரு சிறுமரமும் முந்தியவை விட்ட பிழையைத் திருத்த முயலும். பிரைமன் அவ்வாண்டு எழுதிய இன்னொரு கட்டுரையில், தம் காடுகளுக்குக் கணிப்பில் 'ஏ பிளஸ்' தந்தவர், விளங்கும் தன்மையில் 'எஃப்' போட்டுக்கொண்டார். டேவிட் காக்ஸ், பிராட்லி எஃப்ரான் ஆகியோரின் மறுப்புரைகளும் அதே இதழில் அச்சாயின.

மெடெய்ரோசும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாதாந்தரக் குறியீடுகளைக் கொண்டு பணவீக்கத்தைக் கணித்தபோது ரேண்டம் ஃபாரஸ்ட் பெரும்பாலும் முந்தியது. வேலையின்மைக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாததைக் காடு பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. சமன்பாட்டின் கெழு –0.3 எனில், மற்றவை மாறாதபோது வேலையின்மை ஒரு புள்ளி ஏறினால் பணவீக்கம் 0.3 புள்ளி இறங்கும் என்று பொருள். அதன் திட்டப் பிழையைப் பார்த்து நம்பவோ மறுக்கவோ செய்யலாம். காட்டில் அப்படி ஓர் எண் இல்லை. ஒரு மாறியின் மதிப்புகளைக் கலைத்துப்போட்டு, கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது பிரைமன் தந்த மாற்று வழி. கச்சா எண்ணெய் விலையும் பெட்ரோல் விலையும் சேர்ந்தே நகர்வதால், ஒன்றைக் கலைத்தால் மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டுமே முக்கியமற்றவை போலத் தோன்றும். 2017இல் வந்த 'ஷாப்' அளவை ஒவ்வொரு கணிப்பையும் மாறிகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. ஆனால் அது விளக்குவது மாதிரியின் நடத்தையை; பொருளாதாரத்தின் காரணத்தை அல்ல.

சராசரிகளால் ஆனதால், காடு தான் கண்ட உச்சத்தைத் தாண்டிக் கணிக்காது. அமெரிக்க நுகர்வோர் விலைவாசி உயர்வு 1990 முதல் 2020 வரை 6 விழுக்காட்டைச் சற்றே தாண்டியதோடு சரி. அக்கால விவரங்களை மட்டும் கற்று, ஆண்டுப் பணவீக்கத்தை நேரடியாகக் கணிக்கும் காடு எதனாலும் 2022 ஜூன் மாத 9.1 விழுக்காட்டைச் சொல்லியிருக்க முடியாது.