நிறுவனத்தின் உரிமையாளர் யார்? சோலாப்பூர் ஆலை முதல் செங்கப்பள்ளி சாலை வரை

முன்னுரை

ஈக்விட்டி பங்கு வைத்திருப்பவர் நிறுவனத்தின் உரிமையாளர். கடன் பத்திரம் வைத்திருப்பவர் அதற்குக் கடன் கொடுத்தவர். முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பவர் இருவருக்கும் நடுவே நிற்பவர். வணிகவியல் பாடநூல்கள் இப்படித்தான் பிரிக்கின்றன. நிறுவனம் நன்றாக நடக்கும்வரை இந்தப் பிரிப்பில் யாருக்கும் தகராறு வருவதில்லை. ஆலை மூடப்படும்போதும் திவால் வழக்கு தொடங்கும்போதும்தான் யார் எந்த வரிசையில் நிற்பது என்ற சண்டை நீதிமன்றப் படியேறுகிறது.

1950 முதல் 2025 வரை இந்திய உச்ச நீதிமன்றம் கண்ட சில வழக்குகளின் வழியே அந்தச் சண்டையின் வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. பத்திரத்தின் பெயரைக் கொண்டு உரிமையாளரை அடையாளம் காண முடியாது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலைத் திருப்பித் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டா என்பதே கடனையும் மூலதனத்தையும் பிரிக்கும் கோடு என்பது இதன் வாதம். அந்தக் கோட்டின் மூலதனப் பக்கம் நிற்பவர் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைப்பதில்லை என்பது அதன் மறுபாதி.

1. சோலாப்பூர் ஆலை: இரு பங்குதாரர்கள், இரு தீர்ப்புகள்

சோலாப்பூர் நூற்பு நெசவு ஆலை 1949 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். 1950 ஜனவரியில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, இயக்குநர்களை நீக்கி, தன் ஆட்களை நிர்வாகத்தில் அமர்த்தியது. அந்த நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் 32 லட்சம் ரூபாய். அதில் சரிபாதி முழுப் பணமும் கட்டப்பட்ட சாதாரணப் பங்குகள், அதாவது இன்று ஈக்விட்டி என்று நாம் சொல்பவை. மறுபாதி, தலா 100 ரூபாய் மதிப்பில் 50 ரூபாய் மட்டும் கட்டப்பட்ட 32,000 முன்னுரிமைப் பங்குகள்.

சாதாரணப் பங்குதாரர் சிரஞ்சித் லால் சௌத்ரி அரசின் நடவடிக்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். நிறுவனத்தின் சொத்து பறிபோனது என்பதை அவர் தன் சொத்து பறிபோனதாகச் சொல்ல முடியாது என்று 1950 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பங்கு அவர் கையில்தான் இருக்கிறது. வாக்களிக்கும் உரிமை முடக்கப்பட்டாலும் பங்கே போய்விடவில்லை என்றது நீதிமன்றம்.

இதற்கிடையே அரசு அமர்த்திய புதிய இயக்குநர்கள் முன்னுரிமைப் பங்குகளில் கட்டப்படாமல் இருந்த 50 ரூபாயைக் கட்டச் சொல்லி அழைப்பு விடுத்தனர். மொத்தம் 16 லட்சம் ரூபாய். முன்னுரிமைப் பங்குதாரர் துவாரகாதாஸ் ஸ்ரீநிவாஸ் பணம் கட்ட மறுத்து வழக்குத் தொடுத்தார். 1953 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, இழப்பீடின்றி நிறுவனத்தைக் கையகப்படுத்திய சட்டம் செல்லாது என்றது.

பாடநூலின்படி ‘உண்மையான உரிமையாளர்’ ஆகிய சாதாரணப் பங்குதாரர் தோற்றார். ‘பாதி உரிமையாளர்’ ஆகிய முன்னுரிமைப் பங்குதாரர் வென்றார். காரணம் பங்கின் வகை அல்ல. இரண்டாமவரின் பைக்கு நேராகக் கை நீண்டது. அதனால் அந்தச் சட்டத்தை எதிர்க்கும் தகுதி அவருக்கு வந்தது.

2. பங்குதாரருக்கு எது சொந்தம்: 1954

அடுத்த ஆண்டே இந்தக் கேள்வி வருமான வரியின் வழியே திரும்பி வந்தது. பாச்சா குஸ்தார் என்ற பங்குதாரர் இரண்டு தேயிலை நிறுவனங்களிலிருந்து 2,750 ரூபாய் ஈவுத்தொகை பெற்றார். தேயிலை நிறுவனத்தின் வருமானத்தில் 60 விழுக்காடு வேளாண் வருமானம் என்பது வரி விதி. அப்படியென்றால் தன் ஈவுத்தொகையிலும் 60 விழுக்காட்டுக்கு மத்திய வருமான வரி கூடாது என்று அவர் வாதிட்டார். தோட்டத்தின் உரிமையாளர் என்றால் இந்த வாதம் நியாயமானதே.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தோட்டமும் இலையும் நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனம் தனி நபர். ஈவுத்தொகை அறிவிக்கப்பட்டால் அதில் பங்கு, கலைப்பின்போது கடன்கள் தீர்ந்து மிஞ்சியதில் பங்கு, பொதுக்கூட்டத்தில் வாக்கு ஆகியவைதான் பங்குதாரருக்கு உரியவை. ‘நிறுவனத்தின் உரிமையாளர்’ என்று சொல்லும்போது இந்த உரிமைகளின் தொகுப்பையே சொல்கிறோம். நிறுவனத்தின் ஒரு செடிகூட அவருடையதல்ல.

3. உறங்கும் வாக்கு: முன்னுரிமைப் பங்கு

1956 நிறுவனங்கள் சட்டம் பங்குகளை ஈக்விட்டி, முன்னுரிமை என்ற இரண்டே வகைகளுக்குள் அடக்கியது. அதற்கு முன்பு, போட்ட பணத்துக்கு விகிதமில்லாத அளவு வாக்குகளைச் சில பங்குகளுக்குக் கொடுத்து நிறுவனத்தைப் பிடியில் வைத்திருக்க வழியிருந்தது. புதிய சட்டம் அதை அடைத்தது. முன்னுரிமைப் பங்குதாரருக்கு ஈவுத்தொகையிலும் முதலைத் திரும்பப் பெறுவதிலும் முந்திய இடம் உண்டு. அதற்கு விலையாக, அவர் உரிமையை நேரடியாகத் தொடும் தீர்மானங்களில் மட்டுமே வாக்கு.

ஆனால் அவர் வாக்கு அடியோடு இல்லாமல் போகவில்லை, உறங்குகிறது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஈவுத்தொகை வராவிட்டால் எல்லாத் தீர்மானங்களிலும் அவர் வாக்களிக்கலாம். வாக்கின் எடை செலுத்தப்பட்ட மூலதனத்தின் விகிதப்படி அமையும். சோலாப்பூர் ஆலையின் கணக்கை இன்றைய விதியில் வைத்துப் பார்க்கலாம். சாதாரணப் பங்கில் 16 லட்சம், முன்னுரிமைப் பங்கில் 16 லட்சம். ஈவுத்தொகை இரண்டு ஆண்டுகள் நின்றிருந்தால் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்திருக்கும்; முன்னுரிமைப் பங்குதாரர்களின் சம்மதமின்றி ஒரு தீர்மானமும் நிறைவேறியிருக்காது. தனியார் நிறுவனங்கள் தம் சங்க விதிகளில் இதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது இவ்விதியின் எல்லை.

1988 திருத்தத்தால் மீட்க முடியாத முன்னுரிமைப் பங்குகளை வெளியிடுவது தடுக்கப்பட்டது. இப்போது பொதுவாக 20 ஆண்டுக்குள் அவற்றை மீட்க வேண்டும். திருப்பித் தர ஒரு நாள் குறித்தாகிவிட்டது என்றால் இது கடன்தானே என்ற கேள்வி அப்போதே உள்ளே நுழைந்துவிட்டது. அதற்கான விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

4. கடன் என்ற பெயரில் மூலதனம்: 1989

1980களில் மாற்றத்தக்க கடன் பத்திரங்கள் இந்தியச் சந்தையில் பெருகின. 1988இல் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் வெளியிட்ட பத்திரம் ஒன்றின் விலை 200 ரூபாய். அதில் 10 ரூபாய் ஒதுக்கீட்டின்போதே ஒரு பங்காக மாறும். 40 ரூபாய் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மாறும். மீதி 150 ரூபாய் ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு மாறும். அதுவரை மாறாத பகுதிக்கு வட்டி வரும். ஆனால் எந்தக் கட்டத்திலும் முதல் ரொக்கமாகத் திரும்பாது.

இந்த வெளியீட்டுக்கு அரசு தந்த அனுமதி நரேந்திர குமார் மகேஸ்வரி வழக்கில் கேள்விக்குள்ளானது. நிறுவனத்தின் கடனுக்கும் சொந்த மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தில் இந்தப் பத்திரங்களை எந்தப் பக்கம் எழுதுவது என்பது அதில் ஒரு சிக்கல். கட்டாயம் பங்காக மாற வேண்டிய பத்திரத்தில் முதலைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. எனவே அதை ஈக்விட்டியாகவே கருத வேண்டும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2007இல் ரிசர்வ் வங்கியும் அன்னிய முதலீட்டில் இதே கோட்டைப் போட்டது. கட்டாயம் மாறுபவை மட்டுமே மூலதனம். விருப்பப்பட்டால் மாறுபவை வெளிநாட்டுக் கடனாகக் கணக்கிடப்படும்.

5. செங்கப்பள்ளிச் சாலை: 2023

கடன்-ஈக்விட்டி விகிதக் கணக்குக்காகச் சொல்லப்பட்ட அந்தக் கருத்து, 34 ஆண்டுகள் கழித்து ஒரு திவால் வழக்கில் திரும்பி வந்தது. திருப்பூர் மாவட்டம் செங்கப்பள்ளியிலிருந்து கோவை வழியாகக் கேரள எல்லைவரை நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஐ.வி.ஆர்.சி.எல். குழுமம் ஒரு தனி நிறுவனத்தை உருவாக்கியது. அந்த நிறுவனம் வெளியிட்ட கட்டாயம் மாறும் கடன் பத்திரங்களில் ஐ.எஃப்.சி.ஐ. 125 கோடி ரூபாய் போட்டது. குறித்த காலத்தில் அவற்றை விலைகொடுத்து வாங்கிக்கொள்வதாகத் தாய் நிறுவனம் உறுதி தந்திருந்தது.

வாங்கிக்கொள்ளவில்லை. சாலை நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. தன்னை நிதிக் கடனளிப்பாளராகச் சேர்க்கும்படி ஐ.எஃப்.சி.ஐ. கேட்டது, தீர்வு அலுவலர் மறுத்தார். கடனளிப்பாளரா, பங்குதாரர் போன்றவரா என்ற வேறுபாடு சாதாரணமானதல்ல. நிதிக் கடனளிப்பாளருக்குக் கடனளிப்பாளர் குழுவில் இடமும் வாக்கும் உண்டு. கலைப்பு வரிசையிலோ முன்னுரிமைப் பங்குதாரர் கடன்காரர்களுக்குப் பின்னும், ஈக்விட்டி பங்குதாரர் எல்லாருக்கும் கடைசியிலும் நிற்கிறார்.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்வு அலுவலரின் முடிவை உறுதிசெய்தது. திட்டத்தின் நிதி ஆவணங்கள் இந்தத் தொகையை ஈக்விட்டியாகவே காட்டின. வாங்கிக்கொள்ளும் கடமை தாய் நிறுவனத்தின் தலையில் இருந்ததே தவிர சாலை நிறுவனத்தின் தலையில் அல்ல. தாய் நிறுவனம் வாக்கு தவறியதால் பத்திரம் கடனாக மாறிவிடாது.

6. மீட்பு நாள் இருந்தும் கடனல்ல: 2025

முன்னுரிமைப் பங்கு பற்றிய பழைய கேள்விக்கு விடை 2025 அக்டோபரில் வந்தது. மேற்கு வங்கத்தில் மேட்டிக்ஸ் உரத் தொழிற்சாலையின் கட்டுமானப் பணிகளைச் செய்த ஈ.பி.சி. கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், வரவேண்டிய பாக்கியில் 250 கோடி ரூபாய்க்கு 8 விழுக்காடு மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. மீட்பு நாள் வந்தும் பணம் வரவில்லை. கடனளிப்பாளராக அது தொடுத்த திவால் மனு நிலைக்கவில்லை.

2013 நிறுவனங்கள் சட்டத்தின் 55ஆம் பிரிவுதான் இங்கே சாவி. முன்னுரிமைப் பங்கை லாபத்திலிருந்தோ, அதற்கென்றே வெளியிடும் புதிய பங்குப் பணத்திலிருந்தோ மட்டுமே மீட்கலாம். இரண்டும் இல்லையென்றால், நாள் கடந்தாலும் கடன் பிறப்பதில்லை. பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்ட அன்றே அந்த நிறுவனம் கடன்காரர் வரிசையிலிருந்து விலகிவிட்டது.

முடிவுரை

ஈக்விட்டி பங்குதாரர் முழுப் பொருளில் உறுப்பினர்: வாக்கும் மிச்சத்தில் உரிமையும் கடைசி இடமும் அவருடையவை. முன்னுரிமைப் பங்குதாரரும் உறுப்பினரே. வாக்கு மட்டும் உறங்குகிறது. விருப்பப்பட்டால் மாற்றிக்கொள்ளும் பத்திரம் வைத்திருப்பவர் மாற்றும் நாள்வரை கடன் கொடுத்தவராகவே இருக்கிறார். கட்டாயம் மாறும் பத்திரம் வைத்திருப்பவரின் நிலைதான் கடினம். அதே சட்டத்தின் 71ஆம் பிரிவு வாக்குரிமையுள்ள கடன் பத்திரத்தைத் தடைசெய்வதால், மாறும் நாள்வரை கூட்டத்தில் அவருக்கு வாக்கில்லை; நிறுவனம் விழுந்தால் கடன்காரர் வரிசையிலும் இடமில்லை. உரிமையாளரின் நட்டத்தை உரிமையாளரின் வாக்கு இல்லாமல் அவர் சுமக்கிறார்.

ஆகவே ஒரு பத்திரத்தைக் கையில் எடுப்பவர் மூன்றைப் பார்க்க வேண்டும். உறுப்பினர் பதிவேட்டில் தன் பெயர் வருமா? லாபம் இல்லாத ஆண்டிலும் முதலைத் தர வேண்டிய கடமை உண்டா? திருப்பித் தருவதாகச் சொன்னது அந்த நிறுவனமா, அதன் பின்னால் நிற்கும் வேறொருவரா? செங்கப்பள்ளியில் 125 கோடி ரூபாயின் கதி மூன்றாவது கேள்வியில் அடங்கியிருந்தது. அதற்கான விடை பத்திரத்தின் தலைப்பில் கிடைக்காது; ஒப்பந்தத்தில் யார் எந்தக் கடமையை ஏற்றார்கள் என்ற பகுதியில்தான் கிடைக்கும்.