பிரியோஷ் மாவில் வெண்ணெய்: பிசைவுப் படலமும் இரவுக் குளிரும் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் அதன் எல்லையும்

பிரியோஷ் பிரெஞ்சு நாட்டின் செழிப்பான ரொட்டி. மைதாவைத் தண்ணீருக்குப் பதில் முட்டையில் பிசைந்து, வெண்ணெயைத் தாராளமாகச் சேர்த்து, ஈஸ்ட் கொண்டு உப்ப வைத்துச் சுடுவார்கள். வெண்ணெய்க்குப் பேர்போன நோர்மண்டிப் பகுதியோடு இதற்கு நெடுநாள் உறவு உண்டு. உச்சியில் சிறு குண்டு வைத்த பிரியோஷ் ஆ தெத், நீள அச்சில் உருண்டைகளை இரு வரிசையாக அடுக்கிச் சுடும் பிரியோஷ் நாந்தேர், வான்தே பகுதியின் பின்னல் பிரியோஷ் எனப் பல வடிவங்கள் உள்ளன. வடிவம் மாறினாலும் மாவின் சிக்கல் ஒன்றுதான். அவ்வளவு வெண்ணெயை ஏற்றுக்கொண்ட பிறகும் மாவு காற்றைப் பிடித்து எழ வேண்டும்.

இக்கட்டுரை நாந்தேர் வடிவத்தை எடுத்துக்கொண்டு அந்த ஒரு சிக்கலை மட்டும் ஆராய்கிறது. படலம் வரும்வரை பிசைவதும் இரவு முழுவதும் குளிரில் வைப்பதும் பொதுவாகத் தனித்தனி நுணுக்கங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் இரண்டின் நோக்கமும் ஒன்றே: வெண்ணெய் மாவுக்குள் உருகாத கொழுப்பாகவே இருக்க வேண்டும். பிசையும் ஒழுங்கு வெண்ணெய்க்கு இடம் அமைத்துத் தருகிறது; குளிர் அந்த இடத்திலேயே அதை நிறுத்துகிறது.

2. வெண்ணெயின் அளவும் இயல்பும்

2.1 அளவு

பேக்கர்கள் மைதாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றப் பொருள்களைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் வெண்ணெய் 20 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் எளிய பிரியோஷ். 50 சதவீதம் நடுத்தரச் செழிப்பு. 70, 80 சதவீதத்தைத் தாண்டும் வகைகளும் உண்டு. 20 சதவீதத்தில் எந்த ஒழுங்கில் பிசைந்தாலும் ரொட்டி ஓரளவு தேறிவிடும். 50 சதவீதத்தில் ஒழுங்கு தவறினால் மாவு எழாது. 80 சதவீதத்திலோ ஒழுங்கு சரியாக இருந்தாலும் குளிரூட்டாமல் மாவைக் கையில் எடுக்கவே முடியாது. 50 சதவீதத்தில்தான் பிழையும் திருத்தமும் தெளிவாகத் தெரியும் என்பதால் இங்கே அந்த அளவே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2.2 இயல்பு

வெண்ணெயில் கொழுப்பு 80 முதல் 82 சதவீதம்; எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த நீர் நுண்துளிகளாகக் கொழுப்புக்குள் அடைபட்டிருக்கிறது. வெண்ணெயை உருக்கினால் இந்தக் கட்டமைப்பு குலைந்து எண்ணெயும் நீரும் பிரியும். மறுபடி குளிரவைத்தால் கொழுப்பு உறையும், ஆனால் பழைய கட்டமைப்பு திரும்பாது. மாவுக்குள் ஒருமுறை உருகிய வெண்ணெயைக் குளிரால் மீட்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

வெண்ணெய் ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகிவிடும் பொருளும் அல்ல. ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் அது கல்லாக இருக்கும். ஏறக்குறைய 13 முதல் 18 டிகிரி வரை அழுத்தினால் வளையும், முறியாது. 30 டிகிரியை நெருங்கும்போது அதன் பெரும்பகுதி திரவமாகிவிடும். பிரியோஷ் வேலை முழுவதும் இந்த வரம்புகளுக்குள் நடக்க வேண்டியது.

3. பிசைதலும் படலச் சோதனையும்

3.1 வெண்ணெய்க்கு முன் ஏன்

மைதாவில் உள்ள குளூட்டனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் நீரை உறிஞ்சி, பிசையப்பிசைய ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பிடித்து வைப்பது இந்த வலைதான். தொடக்கத்திலேயே அதிகக் கொழுப்பைச் சேர்த்தால் அது மைதாத் துகள்களைப் பூசிக்கொள்ளும். நீர் உள்ளே போவது தாமதமாகும், புரதங்களும் ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் வலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு வெண்ணெயை உள்ளே விட வேண்டும். அப்போது கொழுப்பு வலையைத் தடுப்பதில்லை, வலையின் இழைகளுக்கு இடையே படிகிறது.

3.2 சோதனையைப் படிக்கும் முறை

எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி எடுத்து ஒரு நிமிடம் சும்மா விட வேண்டும். அப்போதுதான் பிசைந்த இறுக்கம் தளர்ந்து மாவின் உண்மை நிலை தெரியும். பிறகு விரல்நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல விரிக்க வேண்டும். பரோட்டா மாஸ்டர் கல்லில் வீசி விரிக்கும் மாவுபோல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அது மெலிய வேண்டும், கிழியக் கூடாது.

கிழிந்தால் கிழிசலின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் பிசிறு பிசிறாக இருந்தால் வலை இன்னும் பாதியில்தான் இருக்கிறது. துளை வட்டமாகவும் ஓரம் வழுவழுப்பாகவும் இருந்தால் இன்னும் ஓரிரு நிமிடப் பிசைவு போதும். மாவு பளபளத்து, ஈரம் கசிந்து, நூல்நூலாக இழுபட்டுத் திரும்பச் சுருங்காமல் போனால் அது அளவு மீறிய பிசைவு. அதைச் சரிசெய்ய வழி இல்லை.

வெண்ணெய் சேர்த்த பிறகு இந்தச் சோதனையை நம்புவதில் கவனம் தேவை. வெண்ணெய் இளகிய மாவு வலையின் வலிமை இல்லாமலேயே மெலிந்து வழியும், அதைப் படலம் என்று எண்ணிவிட இடமுண்டு. ஆகவே தீர்ப்புக்குரிய சோதனை வெண்ணெய்க்கு முன் செய்யப்படுவதுதான். பின்னால் செய்யும் சோதனை வலை அறுந்துபோகவில்லை என்று உறுதிசெய்துகொள்வதற்கு மட்டுமே.

4. இரவுக் குளிர்

குளிரில் வைப்பது சுவைக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். ஈஸ்ட் மெதுவாக இயங்கும் நேரத்தில் மணம் தரும் பொருள்கள் சேர்வது உண்மைதான். ஆனால் வெண்ணெயின் மணம் மேலோங்கிய மாவில் அந்த ஆதாயம் இரண்டாம் நிலையே. முதன்மையான ஆதாயம் மாவின் உருவம் நிற்பது. பிசைந்து முடித்தபோது கையில் ஒட்டி வழிந்த மாவு, 4 டிகிரியில் 12 மணி நேரம் இருந்தால் வெண்ணெய் உறைந்து களிமண்போல் கெட்டியாகும். உலர்மாவு அதிகம் தூவாமல் அதை வெட்டலாம், உருட்டலாம். ஒட்டுகிறதே என்று சூடான மாவில் உலர்மாவைக் கொட்டியிருந்தால் ரொட்டி வறண்டிருக்கும். அந்த நிலை வராமல் காப்பது குளிர்தான். இந்த இடைவெளியில் குளூட்டன் வலையும் தளர்வதால், உருட்டும்போது மாவு முரண்டு பிடிப்பதில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு கிலோவுக்கு மேலான மாவைக் குவியலாகவே ஃபிரிட்ஜில் வைத்தால் வெளிப்புறம் மட்டும் குளிரும். நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து, ஈஸ்ட் அங்கே வேகமாக வேலை செய்து மாவைப் புளிக்கவைத்துவிடும். ஆகவே மாவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனாகத் தட்டில் பரப்பி, மேற்பரப்பை ஒட்டினாற்போல் மூடி வைக்க வேண்டும். 12 முதல் 16 மணி நேரம் பொருத்தமானது. 24 மணி நேரம் வரை தாங்கும். அதையும் தாண்டி நெடுநேரம் விட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்ப்பதால் மாவில் சாராய வாடை வரும், சுடும்போது நிறமும் மங்கும்.

5. ஒரு செய்முறையின் பகுப்பாய்வு

மைதா 500 கிராம், ஓடு நீக்கிய முட்டை 300 கிராம் (ஏறக்குறைய ஆறு), சர்க்கரை 60, உப்பு 10, உடனடி ஈஸ்ட் 7, உப்பில்லா வெண்ணெய் 250 கிராம். மொத்தம் 1127 கிராம்.

முட்டையில் முக்கால் பங்கு நீர் என்பதால் 300 கிராமில் 225 கிராம் நீர் கிடைக்கிறது. மைதாவோடு ஒப்பிட்டால் இது 45 சதவீதம்தான். சாதாரண ரொட்டியில் 60க்கு மேல் இருக்கும். எனவே தொடக்க மாவு இறுக்கமாகவே இருக்கும். இளக்கத்துக்காகப் பால் ஊற்றத் தேவையில்லை. பின்னர் வரும் வெண்ணெய் அதைப் போதுமான அளவு மென்மையாக்கும். முன்பே பால் ஊற்றியிருந்தால் இறுதியில் மாவு கூழாகும்.

முட்டையையும் மைதாவையும் ஃபிரிட்ஜிலிருந்து குளிராகவே எடுக்க வேண்டும். இயந்திரத்தின் கொக்கி உரசுவதால் மாவு சூடேறும் என்பதால், குளிரில் தொடங்கினால்தான் 25 டிகிரி அளவில் முடிக்கலாம். வெண்ணெயும் சர்க்கரையில் பாதியும் நீங்கலாக எல்லாவற்றையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைந்து, மீதிச் சர்க்கரையைச் சேர்த்து, படலம் வரும்வரை தொடர வேண்டும். சர்க்கரை நீருக்குப் போட்டியிடுவதால் அதைப் பிரித்துச் சேர்ப்பது வலை உருவாக உதவும்.

வெண்ணெயைக் குளிராகவே எடுத்துக் குழவிக்கட்டையால் தட்டி, வளையும் பதத்துக்குக் கொண்டுவந்து துண்டுகளாக்க வேண்டும். ஒரு துண்டு மறைந்த பிறகே அடுத்த துண்டு. நடுவில் மாவு சிதைந்து கிண்ணத்தில் பிரிந்து கிடக்கும். அது இயல்பே, பிசைவு தொடர்ந்தால் மறுபடி திரண்டு கிண்ணத்தின் சுவரை விட்டு விலகும். முட்டை மஞ்சளில் உள்ள லெசித்தின் கொழுப்பையும் நீரையும் பிணைக்க உதவுகிறது. வெப்பமானி 26 டிகிரியைத் தாண்டினால் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் கால்மணி நேரம் வைத்துவிட்டுத் தொடர வேண்டும்.

அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் உப்பவிட்டு, மடித்து வாயுவை அகற்றி, பரப்பி இரவுக் குளிரில் வைக்க வேண்டும். மறுநாள் 70 கிராம் வீதம் 16 உருண்டைகள்; ஓர் அச்சுக்கு எட்டு என இரண்டு நாந்தேர். மாவின் நடு 4 டிகிரியிலிருந்து எழ வேண்டியிருப்பதால் கடைசி உப்பலுக்கு 25 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். விரலால் அழுத்திய குழி மெதுவாக நிரம்பினால் பதம் வந்துவிட்டது. முட்டை பூசி 180 டிகிரியில் அரைமணி நேரம் சுட்டு, நடுவின் வெப்பம் 90 டிகிரியை எட்டியதும் எடுக்கலாம்.

6. பிழைகளும் அறிகுறிகளும் வரம்புகளும்

சுட்ட ரொட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி, உள்சதை இறுகியிருந்தால் வெண்ணெய் எங்கோ உருகியிருக்கிறது. எங்கே என்பதைப் பின்னோக்கிப் பார்க்கலாம். குளிருக்குப் போகும் முன்பே மாவு எண்ணெய்ப் பளபளப்போடு வழுக்கியிருந்தால் பிழை பிசைவில். குளிரிலிருந்து கெட்டியாக வந்து, கடைசி உப்பலில் அச்சின் ஓரம் கசிந்திருந்தால் பிழை அறையின் வெப்பத்தில். கோடையில் 32 டிகிரி அறையில் கடைசி உப்பல் வைத்தால் இது ஏறக்குறைய உறுதி. ஈஸ்டுக்கு இதமான அந்த வெப்பம் வெண்ணெய்க்கு அதிகம். அதிகாலையிலோ ஏ.சி. அறையிலோ வைத்து, கூடுதல் நேரம் கொடுப்பதே வழி.

எவ்வளவு பிசைந்தும் படலம் வராவிட்டால் மைதாவின் புரதத்தைப் பாக்கெட்டில் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு 9 கிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் அந்த மைதாவால் 50 சதவீத வெண்ணெயைத் தாங்குவது கடினம். பிசைவை நீட்டிப்பதைவிட வெண்ணெயை 35, 40 சதவீதமாகக் குறைப்பதே அறிவு. உப்பிட்ட வெண்ணெயைப் பயன்படுத்தினால் அதன் உப்பைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். வெண்ணெயில் 2 சதவீத உப்பு என்றால் 250 கிராமில் 5 கிராம், அதாவது தேவையில் பாதி ஏற்கெனவே வந்துவிடுகிறது.

7. முடிவு

படலமும் குளிரும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. படலம் வராத மாவை எத்தனை மணி நேரம் குளிரில் வைத்தாலும் மாவு வெட்டுவதற்கு எளிதாகும், சுடும்போது எழாது. படலம் நன்றாக வந்த மாவைக் குளிரின்றி உருட்டினால் வெண்ணெய் கைச்சூட்டிலேயே வெளியேறும். வெண்ணெய் 25 சதவீதத்துக்குள் இருந்தால் இவற்றில் ஏதேனும் ஒன்றில் சலுகை எடுக்கலாம். 50 சதவீதத்தில் இரண்டும் வேண்டும். நேரமோ குளிர்வசதியோ இல்லாதவர் முதலில் குறைக்க வேண்டியது வெண்ணெயை.